பழைய கூட்டாளியிடம் லிங்க்டினில் அறிமுகம் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டில் தரப்பிரிவில் வேலை பார்க்கிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, ஒரே கம்பெனியில் நாலைந்து வருடம் இருந்துவிட்டு அடுத்த இடம் தேடும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது எப்போதும் இதே சந்தேகங்கள்தான். கம்பெனி பஸ்ஸில், டீக்கடையில், வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பரிந்துரை, அறிமுகம், ரெஃபரல் மூணும் ஒண்ணுதானே அண்ணா? எதைக் கேட்டா என்ன?

மூன்றும் வேறு. பரிந்துரை என்பது, உங்களோடு வேலை செய்தவர் உங்களைப் பற்றி எழுதும் ஒரு பத்தி. அது உங்கள் லிங்க்டின் பக்கத்தில் நிற்கும், பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அறிமுகம் என்பது, அவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு "இந்தப் பையனோடு கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்று தனியாக அனுப்பும் செய்தி. ரெஃபரல் என்பது, அவர் தன் கம்பெனியின் உள் பதிவில், ஒரு குறிப்பிட்ட வேலைக்கு உங்கள் பெயரை ஏற்றுவது.

கேட்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியலாம். செய்கிறவருக்கு அப்படி இல்லை. பரிந்துரை எழுத உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அரைமணி நேரமாவது போகும். ரெஃபரலுக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் அவர் பெயர் உங்கள் பெயரோடு அந்தக் கம்பெனி பதிவில் சேர்ந்து நிற்கும். அறிமுகத்துக்கு இரண்டு நிமிடம்தான், ஆனால் அவர் சம்பாதித்து வைத்திருக்கும் பழக்கத்தை உங்களுக்காக எடுத்துக் கொடுக்கிறார். "ஏதாவது ஹெல்ப் பண்ணுங்க அண்ணா" என்று மட்டும் எழுதினால், இந்த மூன்றில் எது என்று அவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான செய்திகள் பதில் இல்லாமல் கிடப்பது இங்கேதான்.

சரி, எனக்கு எது தேவைன்னு எப்படி முடிவு பண்றது?

நீங்கள் பார்த்திருக்கும் வேலை, அவர் இப்போது வேலை செய்யும் கம்பெனியிலேயே இருந்தால் ரெஃபரல் கேளுங்கள். வேலை வேறு கம்பெனியில், ஆனால் அங்கே ஆள் எடுப்பவர் அவருக்குத் தெரிந்தவர் என்றால் அறிமுகம் கேளுங்கள். குறிப்பிட்ட வேலை எதுவும் கண்ணில் இல்லை, உங்கள் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்றால் பரிந்துரை. பரிந்துரையை வேலை தேடாத காலத்திலேயே கேட்டு வாங்கி வைப்பது நல்லது. ஒரு வேலையைச் சேர்ந்து முடித்த சூட்டில் கேட்டால்தான் எழுதுபவருக்கும் விஷயம் நினைவில் இருக்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அறிமுகம். ஆனால் கேட்பது பரிந்துரை, பட்டன் அங்கே இருக்கிறது என்பதற்காக. அதனால் கீழே அறிமுகம் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

யாருக்கு யாரைத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஆள் எடுப்பவரின் பக்கத்தைத் திறந்தால், அவர் பெயருக்குக் கீழே உங்கள் இருவருக்கும் பொதுவானவர்கள் யார் என்று லிங்க்டினே காட்டும். அதில் உங்களோடு வேலை செய்தவர் இருந்தால் அவர்தான் உங்கள் ஆள். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். முகம் தெரியாதவரின் அழைப்பையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் நிறைய பேர். ஒரு சப்ளையர் கூட்டத்தில் கை கொடுத்ததோடு சரி என்றும் இருக்கலாம்.

ஆகவே "அவரை உங்களுக்குத் தெரியும்ல" என்று ஆரம்பிக்காதீர்கள். "அவரோடு பழக்கம் இருந்தால்" என்று கேளுங்கள். பழக்கம் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டும்.

மூணு வருஷமா பேசவே இல்ல. இப்ப வேலைக்காக மட்டும் வர்றான்னு நினைக்க மாட்டாங்களா?

நினைப்பார்கள், அது உண்மையும்கூட. அதை மறைக்க முயன்றால்தான் சங்கடம். "பேசாமல் விட்டுவிட்டேன்" என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டு விஷயத்துக்கு வாருங்கள். எனக்கும் இப்படிச் செய்திகள் வருகின்றன. பல வருடம் பேசாமல் இருந்தது எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. சேர்ந்து வேலை செய்தவர்கள் எல்லோருமே அப்படித்தான், ஆளுக்கொரு ஷிஃப்ட், ஆளுக்கொரு குடும்பம்.

அவருக்கு உங்களை ஞாபகப்படுத்துவதுதான் இதில் முக்கியம். வருடத்தையும் பிரிவையும் மட்டும் எழுதினால் போதாது. அவரும் நீங்களும் சேர்ந்து செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். எந்த லைன், என்ன பிரச்சினை, இருவரும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாக்கியம் போதும். அதைப் படித்ததும் அவர் கண்ணில் அந்த ஷாப் ஃப்ளோரே வந்து நிற்கும்.

முதல்ல ஒரு ஹாய் போட்டு, நலம் விசாரிச்சுட்டு, பதில் வந்த அப்புறம் மெதுவா கேட்கலாமே? எடுத்தவுடனே கேட்டா நல்லாவா இருக்கும்?

நேரில் பார்த்தால் அதுதான் முறை. "சாப்டீங்களா, ஊர்ல மழை எப்படி" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். ஆனால் அங்கே எதிரில் ஆள் நிற்கிறார், பதில் உடனே வருகிறது. இங்கே நீங்கள் போடும் ஹாய்க்கு அவர் இரண்டு நாள் கழித்துப் பதில் போடுவார். நீங்கள் "நல்லா இருக்கேன் அண்ணா, நீங்க?" என்பீர்கள். அதற்கு மறுபடி இரண்டு நாள். விஷயம் வருவதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். இதற்குள் அவருக்கும் எதற்கு என்று புரிந்து போயிருக்கும், காத்திருப்பதே ஒரு பாரமாகிவிடும்.

பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தம்பி, பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், கூட வேலை செய்த பழைய அண்ணன் ஒருவருக்கு இப்படித்தான் எழுத ஆரம்பித்தான். "ஹாய் அண்ணா", மறுநாள் "நல்லா இருக்கேன்ப்பா, நீ?", அதற்கு அவன் போட்டது "வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க அண்ணா" என்ற வரியும் ரெஸ்யூமும். ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த அண்ணனுக்கு அவன்மேல் கோபமில்லை. "ஏதாவது" என்ற சொல்லுக்கு அவரால் எதைத் தேட முடியும்? நலம் விசாரிப்பு ஒரு வரி, கேட்பது மூன்று வரி, இரண்டும் ஒரே செய்தியில் வரட்டும்.

அப்போ எப்படித்தான் எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்க.

அதே தம்பி என்னோடு உட்கார்ந்து மறுபடி எழுதியதையே தருகிறேன். சூளகிரி பக்கத்து ஆலை ஒன்றில் தரப் பொறியாளர் வேலை வந்திருந்தது. அங்கிருந்த தரப்பிரிவு மேனேஜர், அந்த அண்ணனின் தொடர்பில் இருந்தார்.

"வணக்கம் அண்ணா. 2019-ல இருந்து 2021 வரைக்கும் ரெண்டாவது ஷிஃப்ட்ல உங்ககூட பைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன். ஹவுசிங் போர் அளவு ஷிஃப்ட் ஆரம்பத்துல மட்டும் மாறுதுன்னு நாம ஒரு வாரம் பீஸ் பீஸா ரீடிங் எழுதினோமே, அந்த லைன். நீங்க போன அப்புறம் நான் பேசாமலே விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. போன தடவை ஏதாவது வேலைன்னு பொத்தாம்பொதுவா கேட்டதுக்கும் சேர்த்துதான். இப்ப ஒரு விஷயம் கேட்கணும். சூளகிரி ஆலையில தரப் பொறியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க, 28-ஆம் தேதி கடைசி. அங்க தரப்பிரிவு மேனேஜர் உங்க தொடர்புல இருக்கார். அவரோட உங்களுக்குப் பழக்கம் இருந்தா, என்னை அறிமுகம் செய்ய முடியுமா? அனுப்ப வேண்டிய குறிப்பை நானே எழுதித் தர்றேன். பழக்கம் இல்லைன்னாலும், இப்ப சரிப்படாதுன்னாலும் ஒரு வரி சொல்லிடுங்க அண்ணா, நான் நேரா அப்ளை பண்ணிக்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வாக்கியம். முடியாது என்று சொல்ல அவருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறான், அதற்குப் பிறகு தான் என்ன செய்வான் என்றும் சொல்லியிருக்கிறான். முடியாது என்று சொல்ல முடிகிற செய்திக்குத்தான் சீக்கிரம் பதில் வரும். "நீங்கதான் அண்ணா எனக்கு எல்லாம், உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்று எழுதினால், முடியாதவர் பதிலே போடாமல் ஒதுங்கிவிடுவார். அன்று மாலையே அந்த அண்ணன் பதில் போட்டார்: "குறிப்பு அனுப்பு."

குறிப்பை நானே எழுதித் தர்றதா? என்னைப் பத்தி நானே எப்படி எழுதுறது?

அவர் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடுத்தவருக்கு அனுப்பக்கூடிய பத்தியாக அது இருக்க வேண்டும். உங்களை "அவர்" என்று படர்க்கையில் எழுதுங்கள். அண்ணன் அதன் மேல் "இவன் என்கூட இருந்தவன்" என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. குறிப்பு இல்லையென்றால், உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று அவர் யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று தள்ளி வைப்பார், அந்த ஞாயிறு வராது.

தம்பி கொடுத்த குறிப்பு இது: "டிப்ளமோ மெக்கானிக்கல். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாக ஆலையில் 4 வருடம் பைனல் இன்ஸ்பெக்‌ஷன், 1 வருடம் லைன் இன்ஸ்பெக்‌ஷன். போர் கேஜ், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் தினமும் பயன்படுத்துகிறார். சி.எம்.எம். இயக்கி அளக்கத் தெரியும், புரோகிராம் எழுதத் தெரியாது. ஷிஃப்ட் தொடங்கியதும் வரும் முதல் சில பீஸ்களில் மட்டும் போர் அளவு விலகுவதைப் பதிவு செய்து, மெஷினை 20 நிமிடம் ஓடவிட்டுச் சூடான பிறகே முதல் பீஸ் எடுக்கும் வழக்கம் வரக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். உங்கள் தரப் பொறியாளர் வேலை பற்றி 15 நிமிடம் பேச விரும்புகிறார். நோட்டீஸ் 30 நாள்."

"கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு ஒத்துப்போவார்" என்றெல்லாம் இதில் இல்லை. அதை எல்லோரும் எழுதுகிறார்கள், படிக்கிறவர் கண் அதில் நிற்காது. குளிர்ந்த ஸ்பிண்டில் சூடாகும்போது விரிவடைந்து அளவு நகரும் என்பது தரப்பிரிவில் இருக்கும் எந்த மேனேஜருக்கும் தெரியும். அதை ரீடிங் எழுதிக் கண்டுபிடித்தவன் என்றதும் அவர் உங்களோடு பேச நினைப்பார். புரோகிராம் தெரியாது என்று எழுதியதற்குத் தம்பி முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. நான்தான் இருக்கட்டும் என்றேன். இண்டர்வியூவில் தெரியவந்தால், அனுப்பி வைத்த அண்ணனுக்குத்தான் அவமானம்.

அண்ணான்னு போடலாமா, இல்ல சார்னு போடணுமா? லிங்க்டின்ல எல்லாரும் பேர் சொல்றாங்களே?

ஷாப் ஃப்ளோரில் என்ன கூப்பிட்டீர்களோ அதேதான். அண்ணா என்று கூப்பிட்டவரைத் திடீரென்று சார் என்றால், வேற ஆள் அனுப்பியதுபோல இருக்கும். மேடம் என்று கூப்பிட்டவரை அக்கா என்று நெருங்க வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை பழகி இப்போது மேலே போயிருக்கும் தம்பி என்றால், பெயர் சொல்லி, "நீங்க" என்று எழுதுங்கள். முன்பு "நீ" என்று பேசியிருந்தாலும், கேட்கிற இடத்தில் "நீங்க" என்பது அவருக்குக் கொடுக்கும் மரியாதை, உங்களுக்கு அதில் குறைவில்லை. அவரே "பழையபடி பேசுங்க" என்பார்.

அடுத்தவருக்குப் போகும் குறிப்பில் மட்டும் உறவுமுறை எதுவும் வரக் கூடாது.

தமிழ்ல எழுதினா மதிப்பு குறையுமா? இங்கிலீஷ் எனக்கு அவ்வளவா வராது.

அண்ணனுக்கான செய்தியும் மேனேஜருக்கான குறிப்பும் இரண்டு தனி எழுத்து, இரண்டையும் வேறு வேறு ஆள் படிக்கிறார். அண்ணனோடு எந்த மொழியில் பேசினீர்களோ அதில் எழுதுங்கள். ஓசூரில் அது தெலுங்காகவோ கன்னடமாகவோகூட இருக்கும். தெரியாத இங்கிலீஷில் எழுதினால் நீங்கள் சொல்ல வந்தது பாதிதான் போய்ச் சேரும்.

குறிப்பு மட்டும், கடைசியில் படிக்கப் போகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அவர் புனேகாரராகவோ பெங்களூர்க்காரராகவோ இருந்தால் இங்கிலீஷ்தான். அதற்குப் பெரிய இங்கிலீஷ் வேண்டாம். மேலே உள்ள குறிப்பைப் பாருங்கள், எல்லாம் சின்ன வாக்கியம், பாதிக்கு மேல் நீங்கள் தினமும் சொல்லும் கருவிப் பெயர்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவங்க என் தொடர்புலயே இல்ல. இப்பதான் கண்டுபிடிச்சேன். முதல் அழைப்புலயே கேட்டுடலாமா?

வேண்டாம். இடமே போதாது. இணைய அழைக்கும்போது சேர்க்கும் குறிப்புக்குக் காசு கட்டாத கணக்கில் சுமார் 200 எழுத்துதான் அனுமதி, அப்படிக் குறிப்போடு மாதத்துக்குச் சில அழைப்புகள்தான் அனுப்ப முடியும். தமிழில் அது இன்னும் சீக்கிரம் தீரும். "அண்ணா" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்குள் புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்து.

அதனால் அழைப்பில் ஞாபகப்படுத்தும் வரி மட்டும் போதும்: எந்த வருடம், எந்த லைன். ஏற்றுக்கொண்ட பிறகு முழுச் செய்தியை அனுப்புங்கள். இன்னொரு வழி, போன் நம்பர். பழைய ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கும். ஆனால் நம்பரை வேறொருவரிடம் வாங்கி அழைப்பதாக இருந்தால், நம்பர் தருகிறவரையே முதலில் அண்ணனிடம் ஒருவார்த்தை கேட்கச் சொல்லிவிட்டு அழையுங்கள்.

ரெஸ்யூமை முதல் செய்தியோட சேர்த்தே அனுப்பிடட்டுமா? அவருக்கும் வேலை மிச்சம்தானே?

அறிமுகம் கேட்கும்போது தேவையில்லை. அவர் சரி என்று சொன்ன பிறகு, குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள். முதலிலேயே அனுப்பினால், "இதை எங்கேயாவது தள்ளிவிடுங்கள்" என்று சொல்வதாகத்தான் படும். ரெஃபரல் கேட்கும்போது மட்டும் கதை வேறு: அங்கே வேலை எண், ரெஸ்யூம், உங்கள் மெயில், போன் நம்பர் நான்கும் அவர் கேட்காமலே கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் உள்ளே ஏற்றும்போது அவை எல்லாவற்றையும் கேட்கும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

கம்பெனி வெப்சைட்ல ஏற்கெனவே அப்ளை பண்ணிட்டேன். இப்ப ரெஃபரல் கேட்டா சேருமா?

பல கம்பெனிகளில் சேராது. நீங்கள் எந்த வழியாக முதலில் உள்ளே வந்தீர்களோ அதுதான் பதிவில் நிற்கும். அதே மெயிலில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருந்தால், அவர் ஏற்றும்போது ஏற்காது. அதனால் ரெஃபரல் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், முதலில் கேளுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். வேறு மெயில் முகவரி வைத்து இரண்டாவது தடவை நுழையப் பார்க்காதீர்கள், போன் நம்பரில் மாட்டிக்கொள்ளும்.

அறிமுகத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. விண்ணப்பித்த பிறகும் கேட்கலாம், "அப்ளை பண்ணிட்டேன்" என்று குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேனேஜர் உங்கள் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒருத்தர் ரெஃபரல் போட்டுத் தர்றேன், ஆனா இவ்வளவு காசு ஆகும்னு சொல்றார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ரெஃபரலில் காசு இருந்தால், அது ஆள் சேர்ந்த பிறகு கம்பெனி தன் ஊழியருக்குத் தருவது. வருகிறவர் தருவது எங்கும் முறையில்லை. சேர்ந்து வேலை செய்த யாரும் உங்களிடம் இதைக் கேட்க மாட்டார்கள். யாரென்றே தெரியாதவர் லிங்க்டினில் வந்து கேட்டால் அந்தப் பக்கத்தையே புகார் செய்யுங்கள்.

செய்தி போட்டு நாலு நாள் ஆச்சு. பார்த்தார்னு காட்டுது, பதில் இல்ல. மறுபடி கேட்கலாமா?

ஒரு வாரம் விடுங்கள். நாம் லிங்க்டினை வேலை தேடும்போது தினமும் பார்க்கிறோம். வேலையில் இருக்கிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை திறந்தாலே அதிகம். நைட் ஷிஃப்டில் இருந்தால் அதுவும் இல்லை. பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிதானமாகப் பதில் எழுதலாம் என்று வைத்து மறந்தும் போயிருப்பார்.

ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதில் முதல் செய்தியை மறுபடி ஒட்டாதீர்கள், புதிதாக ஒரு தகவல் இருக்கட்டும்: "அண்ணா, 28-ஆம் தேதி கடைசின்னு சொன்னேனே, நான் நேத்து அப்ளை பண்ணிட்டேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சா போதும்." அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது செய்தி வேண்டாம், வீட்டு நம்பருக்குப் போனும் வேண்டாம். அடுத்த வருடம் வேறொரு விஷயத்துக்கு அவரை மறுபடி பார்க்க வேண்டி வரும்.

பரிந்துரை கேட்டேன். "நீயே எழுதி அனுப்பு, நான் போட்டுடறேன்"னு சொல்றார். இது ஏமாத்து வேலை இல்லையா?

முழுதாக நீங்கள் எழுதி, அவர் பெயரில் அப்படியே போடுவது எனக்கு உடன்பாடில்லை. படித்தாலே தெரிந்துவிடும். ஒரே ஆள் எழுதிய மூன்று பரிந்துரை, மூன்று பேர் பெயரில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் ஒரே மாதிரி வாக்கியம். அதற்குப் பதில் விஷயத்தை மட்டும் கொடுங்கள். அறிமுகக் குறிப்பில் சொன்ன மாதிரி, நீங்கள் சேர்ந்து செய்த இரண்டு வேலைகளை எழுதி, "இதுல எது ஞாபகம் இருக்கோ அதை உங்க வார்த்தையில நாலு வரி எழுதுங்க அண்ணா" என்று சொல்லுங்கள். நாலு வரி போதும் என்று சொன்னால் உடனே எழுதிவிடுவார்கள்.

கேட்கும் முறை இது: அவர் பக்கத்தில் More என்பதற்குள் Request a recommendation இருக்கும். அவர் உங்களுக்கு மேலதிகாரியா, கூட வேலை செய்தவரா, அப்போது உங்கள் பதவி என்ன என்று கேட்கும், சரியாகப் போடுங்கள். அது பரிந்துரைக்கு மேலேயே எல்லோருக்கும் தெரியும். அங்கே தானாக வரும் ஒற்றை வரிச் செய்தியை அழித்துவிட்டு உங்கள் செய்தியை எழுதுங்கள். உங்கள் தொடர்பில் இருப்பவரிடம் மட்டுமே இப்படிக் கேட்க முடியும்.

எழுதிக் கொடுத்துட்டார், ஆனா என் பதவியைத் தப்பா போட்டிருக்கார். நானே திருத்திக்கலாமா?

உங்களால் ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. ஆனால் நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை அது உங்கள் பக்கத்தில் வராது. ஏற்கும் இடத்திலேயே திருத்தம் கேட்கும் வசதி இருக்கிறது. முதலில் நன்றி சொல்லிவிட்டு, எந்தச் சொல் மாற வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். புகழ்ச்சி போதவில்லை என்பதற்காகத் திருத்தம் கேட்காதீர்கள்.

இப்ப இருக்கிற கம்பெனிக்குத் தெரிஞ்சா பிரச்சினை ஆகிடும். சிப்காட்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

நியாயமான பயம். ஒரு ஆலையின் தரப்பிரிவு மேனேஜரும் இன்னொரு ஆலையின் மேனேஜரும் ஒரே சப்ளையரிடம் வாங்குகிறார்கள், ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். அதனால் செய்தியிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "இங்க இன்னும் சொல்லல அண்ணா, அவர்கிட்டயும் அதைச் சொல்லிடுங்க." குறிப்பிலும் "தற்போதைய கம்பெனியைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். இதைக் கேட்பதில் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பரிந்துரை வெளியே தெரியும் என்பதை மறக்காதீர்கள். ஒரே வாரத்தில் நான்கு பரிந்துரை, தேதியோடு உங்கள் பக்கத்தில் வந்தால், நீங்கள் கிளம்புகிறீர்கள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். Open to work வசதியில் Recruiters only என்று வைத்தால், உங்கள் கம்பெனியின் ஆள் எடுப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க லிங்க்டின் முயற்சி செய்யும், ஆனால் உறுதி தருவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

பழைய மேனேஜரோட சண்டை போட்டுட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனா அவருக்குத்தான் அந்தக் கம்பெனியில ஆள் தெரியும்.

அவரிடம் கேட்காதீர்கள். சரி என்றே சொன்னாலும், மனசில்லாமல் கொடுக்கும் அறிமுகம் அறிமுகம் இல்லாததைவிட மோசம். "என்கிட்ட இருந்தவன்தான், பேசிப் பாருங்க" என்று வெறுமையாக ஒரு வரி போனால், அனுபவமுள்ள மேனேஜருக்கு அந்த வெறுமையே போதும்.

அதே லைனில் உங்களோடு இருந்த வேறு யாராவது, மெயின்டனன்ஸிலோ புரொடக்‌ஷனிலோ, அந்தப் பக்கம் போயிருக்கிறார்களா பாருங்கள். பதவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் இரண்டு வரிக்கு எடை உண்டு. சண்டை பற்றி அவரிடமும் பேச வேண்டாம். இண்டர்வியூவில் ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால், அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

அறிமுகம் கிடைச்சுது, இண்டர்வியூவும் போனேன், வேலை கிடைக்கல. அண்ணன் முகத்துல எப்படி முழிக்கிறது?

பாலக்கோட்டுத் தம்பிக்கு இதேதான் நடந்தது. மேனேஜர் அழைத்தார், நாற்பது நிமிடம் பேசினார், அந்த ஸ்பிண்டில் விஷயத்தைப் பற்றியே பாதி நேரம் கேட்டாராம். ஆனால் அவர்களுக்குச் சி.எம்.எம். புரோகிராம் எழுதுகிறவர்தான் வேண்டும். எடுக்கவில்லை. தம்பி வெட்கப்பட்டு அண்ணனுக்குச் சொல்லாமலே இருந்தான்.

அண்ணனுக்கு மூன்று சமயத்தில் தகவல் போக வேண்டும்: மேனேஜர் தொடர்பு கொண்டதும், பேசி முடித்ததும், முடிவு தெரிந்ததும். ஒவ்வொன்றும் ஒரு வரி. இல்லையென்றால் நடந்தது அவருக்கு மேனேஜர் வழியாகத் தெரியவரும், நீங்கள் மறைத்ததாக ஆகிவிடும். தம்பியை அன்றைக்கே எழுத வைத்தேன்: "அண்ணா, சாரோட பேசினேன், ரொம்ப நல்லா பேசினார். புரோகிராம் தெரிஞ்சவங்கதான் வேணுமாம், அதனால இந்த வேலை இல்லை. அதை இப்ப கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். நீங்க அனுப்பினதாலதான் அவ்வளவு நேரம் பேசினார், நன்றி அண்ணா."

இரண்டு மாதம் கழித்து அந்த அண்ணன் தன் கம்பெனியிலேயே லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வேண்டும் என்று அவனை அழைத்தார். இந்தத் தடவை ரெஃபரல். வேலை எண்ணை அவரே அனுப்பியிருந்தார், தம்பி மற்ற மூன்றையும் பத்து நிமிடத்தில் அனுப்பி வைத்தான்.